40 அடி ட்ரெய்லருக்கு 24 வோல்ட் லைட் ஒயரிங்: கணக்கிலிருந்து கடைசி சோதனை வரை

இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொண்டிருப்பது 40 அடி பிளாட்பெட் ட்ரெய்லர். பழைய ஒயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். பின்னால் பிரேக், பார்க், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் லைட்; பக்கவாட்டில் பக்கத்துக்கு நான்கு மார்க்கர்; முன் மூலைகளில் மூலைக்கொன்று. எல்லாம் சாதாரண பல்பு என்று வைத்துக்கொள்கிறேன். எல்இடி போடுகிறவர்களுக்கு என்ன மாறும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாக்கெட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். வரிசை அது இல்லை. முதலில் லோடு, அதை வைத்து ஒயர், ஒயரை வைத்து ஃப்யூஸ், கடைசியில்தான் சாக்கெட்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏழு கோர் ட்ரெய்லர் கேபிள்: ஆறு கோர் 1.5 சதுர மி.மீ., எர்த்துக்கு ஒரு கோர் 2.5 சதுர மி.மீ. 40 அடி என்றால் 12.2 மீட்டர். வளைவு, இறக்கம் எல்லாம் சேர்த்து 14 மீட்டர் வாங்குங்கள். இந்தக் கேபிள் கிடைக்காமல் தனித்தனி ஆட்டோ ஒயர் வாங்கினாலும் சைஸ் இதுவே. வீட்டு ஒயரிங்குக்கு வரும் கெட்டி ஒயர் வேண்டாம். ஓட்டத்தின் அதிர்வில் அது உள்ளேயே முறிந்துவிடும். மேலே உறை முழுசாக இருப்பதால் எங்கே முறிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஐஎஸ்ஓ 1185 வகை ஏழு பின் சாக்கெட் ஒன்று, தண்ணீர் புகாத ஜங்ஷன் பாக்ஸ் இரண்டு (முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று), ரப்பர் சீல் உள்ள கப்ளர்கள், ரிங் லக், ஒயர் முனைக்குப் போடும் செம்புக் குழல், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் டியூப். கருவியில் நல்ல கிரிம்பிங் பிளையர் கட்டாயம். கட்டிங் பிளையரால் நசுக்கிய லக் முதல் நாள் பிடித்திருக்கும், மழைக்காலத்தில் கழன்றுவிடும்.

சோதனைக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர், ஹோல்டரில் போட்ட 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று. மீட்டர் காட்டாத சில குறைகளை இந்தப் பல்பு காட்டும்.

## 2. லோடைக் காகிதத்தில் எழுதுங்கள்

வாட்டை 24-ஆல் வகுத்தால் ஆம்பியர். நம் ட்ரெய்லருக்கு:

- பிரேக்: 21 வாட் × 2 = 42 வாட், 1.75 ஆம்பியர்
- இடப்பக்க பார்க்: பின் விளக்கு 5, நம்பர் பிளேட் 5, மார்க்கர் 5 × 4, முன் மூலை 5, மொத்தம் 35 வாட், சுமார் 1.5 ஆம்பியர்
- வலப்பக்க பார்க்: நம்பர் பிளேட் இல்லாமல் 30 வாட், 1.25 ஆம்பியர்
- இண்டிகேட்டர்: பக்கத்துக்கு 21 வாட், 0.9 ஆம்பியர்

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் 2 ஆம்பியரைத் தொடவில்லை. "இதுக்கு எதுக்கண்ணே 1.5 ஒயர், 0.5 போதுமே" என்று கேட்கத் தோன்றும். இடிப்பது எர்த்தில்தான். ராத்திரியில் ஹசார்ட் போட்டு பிரேக்கும் மிதித்தால் 42 + 65 + 42 = 149 வாட், அதாவது 6.2 ஆம்பியர் முழுவதும் அந்த ஒரே எர்த் கோர் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும்.

செம்பு ஒயரின் தடையை இப்படிப் போடலாம்:

```
தடை (ஓம்) = 0.0175 × நீளம் (மீ) ÷ குறுக்குப் பரப்பு (ச.மி.மீ.)
```

14 மீட்டருக்கு 1.5 ஒயர் 0.163 ஓம், 2.5 ஒயர் 0.098 ஓம், 0.5 ஒயர் 0.49 ஓம். பிரேக் கோரில் 1.75 ஆம்பியர், எர்த்தில் 6.2 ஆம்பியர் ஓடும்போது, சரியான கேபிளில் 0.29 + 0.61, ஆக 0.9 வோல்ட் இறங்கும். எல்லாமே 0.5 ஒயர் என்றால் 0.86 + 3.04, ஆக 3.9 வோல்ட். 24-க்குப் பதில் 20.1 வோல்ட்தான் பிரேக் பல்புக்குக் கிடைக்கும். இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் ரொம்பக் குறையும். இந்த அளவில் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். பல்பு எரிகிறது, கடையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பின்னால் வருகிற வண்டிக்குத்தான் பார்க்கும் பிரேக்கும் வித்தியாசம் தெரியாது.

## 3. எந்த விளக்கு எந்த பின்னுக்கு

24 வோல்ட் ட்ரெய்லருக்கான ஐஎஸ்ஓ 1185 (உடம்பில் 24என் என்று இருக்கும்) வரிசை:

- பின் 1: எர்த், வெள்ளை
- பின் 2: இடப்பக்க பார்க், மார்க்கர், நம்பர் பிளேட், கருப்பு
- பின் 3: இட இண்டிகேட்டர், மஞ்சள்
- பின் 4: பிரேக், சிவப்பு
- பின் 5: வல இண்டிகேட்டர், பச்சை
- பின் 6: வலப்பக்க பார்க், மார்க்கர், பழுப்பு
- பின் 7: நீலம், இதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது லாரிக்கு லாரி மாறும்

நிறத்தை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். பட்டறைக்குப் பட்டறை கையில் இருக்கிற நிறத்தைப் போட்டிருப்பார்கள். எண் சாக்கெட்டின் உள்பகுதியில் அச்சாகியிருக்கும். முன்புறம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு பின்புறம் ஒயர் மாட்டினால் இடம் வலமாகிவிடும். அதனால் ஸ்க்ரூ பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தே மாட்டுங்கள்.

வெள்ளை எர்த் என்பதையும் கவனியுங்கள். கருப்புதான் எர்த் என்ற பழக்கத்தில் கருப்பைச் சேஸிஸில் முறுக்கினால், பார்க் லைட் போட்டதும் லாரியின் ஃப்யூஸ் போகும்.

2-ஐயும் 6-ஐயும் ஜம்பர் போட்டு ஒன்றாக்குவது அடிக்கடி பார்க்கிற வேலை. இரண்டு பக்கமும் தனியாக இருப்பதற்குக் காரணம் உண்டு: இடப்பக்க மார்க்கர் ஒன்று நசுங்கி ஷார்ட் ஆனால் வலப்பக்கம் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஜம்பர் போட்டால் ராத்திரியில் மொத்த ட்ரெய்லரும் இருட்டாகிவிடும். நம்பர் பிளேட் பல்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒயர் கொடுப்பதும் இதே ஜம்பர்தான். ஒரு பக்கம் மட்டும் கொடுங்கள்.

ரிவர்ஸ் லைட்டுக்கு இந்தச் சாக்கெட்டில் இடமில்லை. அதற்கு ஐஎஸ்ஓ 3731 என்ற இரண்டாவது சாக்கெட் (24எஸ்) இருக்கிறது. அதில் பின் 3 ரிவர்ஸ். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரு பின்னின் ஆண்-பெண் அமைப்பு மாறியிருப்பதால் ஒன்றின் பிளக் மற்றதில் ஏறாது. ஏறவில்லை என்று தட்டி ஏற்ற வேண்டாம். 24என் சாக்கெட்டின் பின் 7-இல் ரிவர்ஸ் லைட் கொடுத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ட்ரெய்லர் நாளைக்கு வேறு லாரியில் மாட்டப்படும். அந்த லாரியில் பின் 7-இல் என்ன வருகிறதோ யாருக்குத் தெரியும்?

ஏபிஎஸ் உள்ள ட்ரெய்லரில் அதன் கேபிளிலிருந்து லைட்டுக்கு எதையும் எடுக்காதீர்கள். ஃபீடு மட்டுமல்ல, எர்த்தும் கூடாது.

## 4. கேபிளை ஓட்டுவது

வெல்டிங் ஏதாவது பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். லாரியோடு கேபிள் மாட்டியிருக்கும்போது வெல்டிங் வைத்தால் அந்தக் கரண்ட் எர்த் ஒயர் வழியாக லாரிக்குள்ளும் ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் போகலாம்.

கேபிளைச் சேஸிஸ் பீமின் உள்பக்கம், மேல் விளிம்பை ஒட்டிக் கொண்டுபோங்கள். கல்லடியும் சேறும் கீழ் விளிம்புக்குத்தான் அதிகம். குறுக்கு பீமில் துளை வழியாகப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும். தகட்டு விளிம்பு கேபிளை அறுக்க சில மாதம் எடுக்கும், ஆனால் அறுத்தே தீரும். ஏர் லைனோடு சேர்த்துக் கட்டலாம். ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், பிரேக் சேம்பர் மாதிரி அசைகிற எதோடும் கட்டக் கூடாது.

அரை மீட்டருக்கு ஒரு டை போதும். முறுக்கி இறுக்க வேண்டாம்.

## 5. பின் பாக்ஸ், மார்க்கர், கப்ளர்

பின் பாக்ஸை இரண்டு டெயில் லைட்டுக்கும் நடுவில், ஒயர் நுழையும் வாய் கீழே பார்த்தபடி வையுங்கள். மேல்வாய் வழியாக நுழைத்தால் கேபிள் கிளாண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். பக்கவாட்டு வாய்தான் கிடைத்தது என்றால், நுழையும் முன் ஒயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

மார்க்கருக்குப் பிரிக்கும் இடங்கள்தான் ட்ரெய்லர் ஒயரிங்கின் பலவீனம். உறையைச் சீவி, சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டுவது நம் ஊர் வழக்கம். வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், அடுத்த மழையில் செம்பு பச்சையாகும். தூத்துக்குடி, எண்ணூர் மாதிரி துறைமுகப் பக்கம் ஓடுகிற வண்டியில் உப்புக்காற்றும் சேர்ந்து இதைச் சீக்கிரம் முடித்துவிடும். கிரிம்ப் செய்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சீல் ஆகவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு டெயில் லைட்டுக்கும் ரப்பர் சீல் உள்ள கப்ளர் போடுவது நல்லது. லோடு ஏற்றும் இடத்தில் அடிக்கடி உடைவது டெயில் லைட்தான். கப்ளர் இருந்தால் மாற்றும்போது ஒயரை வெட்ட வேண்டியதில்லை. கப்ளரின் சீல் ஒயரின் உறையைப் பிடிக்க வேண்டும். அதனால் ஒயரில் சீலைக் கோத்த பிறகுதான் டெர்மினலைக் கிரிம்ப் செய்ய வேண்டும். மறந்துவிட்டால் அந்த முனையை வெட்டி மறுபடி செய்யுங்கள். சீல் இல்லாமல் மாட்டுவதும் கப்ளர் இல்லாமல் மாட்டுவதும் ஒன்றுதான்.

## 6. எர்த்

வருகிற புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து, பக்கத்தில் இருக்கும் பாக்ஸில் சேர்த்து, அங்கிருந்து 2.5 கோர் வழியாகப் பின் 1-க்குக் கொண்டுபோங்கள். விளக்கின் போல்ட் வழியாகச் சேஸிஸையே எர்த்தாக விடாதீர்கள். பெயிண்ட், துரு, பிளாஸ்டிக் அடித்தகடு என்று எதுவும் குறுக்கே வரும். சேஸிஸுக்கும் ஓர் இணைப்பு கொடுங்கள், ஆனால் ஒரே ஓர் இடத்தில், முன் பாக்ஸ் அருகில். பெயிண்டைச் சுரண்டி, ரிங் லக் வைத்து, பல் வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஃபீடு ஒயர் எங்காவது சேஸிஸில் உரசினால் கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி வேண்டும்; அது இருந்தால்தான் ஃப்யூஸ் சட்டென்று போகும்.

"லாரியும் ட்ரெய்லரும் இரும்பு, கிங்பின் வழியா எர்த் வந்திடும்" என்பார்கள். வரும். ஆனால் ஃபிஃப்த் வீல் முழுக்க கிரீஸ். நிற்கும்போது தொடும், ஓடும்போது விடும். பிளக்கில் எர்த் பின் விட்டுப்போன ட்ரெய்லர் பட்டறையில் நன்றாக எரிந்துவிட்டு ரோட்டில் மினுக்குவது இதனால்தான்.

எர்த் கெட்டதை அறிய ஓர் எளிய அடையாளம்: பிரேக் மிதித்தால் பார்க் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே துடிக்கிறது. எர்த் கிடைக்காத கரண்ட் டபுள் பாயிண்ட் பல்பின் இன்னொரு இழை வழியாக நுழைந்து, வேறு வட்டத்தின் பல்புகளில் வழி தேடுகிறது. இந்த அடையாளத்தைப் பார்த்ததும் பல்பையும் ஃப்ளாஷரையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக எர்த்துக்குப் போங்கள்.

## 7. ஃப்யூஸ்

ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை, பல்பை அல்ல. அதனால் அது கரண்ட் வருகிற பக்கத்தில் இருக்க வேண்டும். டெயில் லைட் அருகில் ஃப்யூஸ் போட்டால் முன்னால் இருக்கும் 14 மீட்டர் ஒயருக்குக் காவல் இல்லை.

லாரியின் ஃப்யூஸ் பாக்ஸில் இருப்பதை மாற்றாதீர்கள். மூடியில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதுவேதான். கூடுதலாக, ட்ரெய்லரின் முன் பாக்ஸில் 2, 3, 4, 5, 6 ஆகிய ஐந்து லைனுக்கும் 5 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் போடுவதை நான் சிபாரிசு செய்வேன். நம் லோடு எதிலும் 2 ஆம்பியருக்குள், அதாவது ஃப்யூஸ் அளவில் பாதிக்கும் கீழே. 1.5 ஒயர் இதைவிட நிறையத் தாங்கும். ட்ரெய்லரில் மெதுவாகக் கசிகிற ஷார்ட் வந்தால் லாரியின் 10 ஆம்பியருக்கு முன் இது போகும். லாரியின் பிரேக் லைட் பிழைக்கும். முழு ஷார்ட்டில் இரண்டும் சேர்ந்தே போகலாம், அதற்கு உத்தரவாதம் இல்லை.

பிளேடு ஃப்யூஸில் 5 வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். முதல் இரண்டும் அழுக்கில் ஒன்றுபோல் தெரியும், எண்ணையும் படியுங்கள். உடம்பில் 32 வோல்ட் என்று இருந்தால் 24 வோல்ட் வண்டிக்குச் சரி. சார்ஜ் ஆகும்போது 28 வோல்ட் வருவதால் வெறும் 24 என்றிருக்கும் பொருள் போதாது. எர்த் லைனில் மட்டும் ஃப்யூஸ் போடவே கூடாது. அது போனால் முந்தைய பகுதியில் சொன்ன கோலாட்டம் ஆரம்பிக்கும்.

5 போய்க்கொண்டே இருக்கிறது என்று 20 போட்டால் என்ன ஆகும்? 0.5 ஒயர் போட்ட ட்ரெய்லரில் பின் முனையில் ஃபீடும் எர்த்தும் ஒட்டினால், போக 0.49, வர 0.49, மொத்தம் 0.98 ஓம். 28 வோல்ட்டில் ஏறக்குறைய 28 ஆம்பியர். இது 20 ஆம்பியர் ஃப்யூஸுக்கு ஒன்றரை மடங்குகூட இல்லை. அது போகப் பல நொடி, சமயத்தில் நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நேரம் முழுக்க மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பியாகக் கொதிக்கும். நாம் போட்ட கேபிளில் அதே ஷார்ட்டுக்கு 0.26 ஓம்தான், 100 ஆம்பியருக்கு மேல் பாயும், 5 ஆம்பியர் ஃப்யூஸ் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

## 8. இப்போது சாக்கெட்

கேபிளை முதலில் கிளாண்டு, ரப்பர் உறை, பின்மூடி எல்லாவற்றிலும் கோத்துவிட்டு முனையைச் சீவுங்கள். எல்லா ஸ்க்ரூவும் இறுக்கிய பிறகு பின்மூடி கீழே கிடப்பதைப் பார்ப்பது புதியவர்களுக்குக் கட்டாயப் பாடம் மாதிரி.

ஒவ்வொரு முனைக்கும் செம்புக் குழல் போட்டு நசுக்கி, பிறகு ஸ்க்ரூவில் இறுக்குங்கள். ஈயம் வைத்த முனையை ஸ்க்ரூவில் கொடுக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெதுவாக நசுங்கி விலகும். இன்று இறுக்கமாக இருப்பது சில மாதத்தில் ஆடும். பின் 1-க்கு 2.5 கோர் போகிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

இறுக்கியதும் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். சாக்கெட்டின் மூடி ஸ்பிரிங் தானாக மூடுகிறதா என்றும் பாருங்கள். மூடாத சாக்கெட்டில் தண்ணீர் நிற்கும்.

## 9. லாரியில் மாட்டும் முன் சோதனை

இரண்டு பேட்டரியைத் தொடரில் இணைத்து 24 வோல்ட் ஆக்குங்கள். மைனஸைப் பின் 1-க்குக் கொடுங்கள். பிளஸிலிருந்து வரும் ஒயரில் 5 ஆம்பியர் ஃப்யூஸையும், தொடரில் அந்த 21 வாட் சோதனை பல்பையும் சேர்த்து, 2 முதல் 6 வரையுள்ள பின்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

சோதனை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, ட்ரெய்லரில் எதுவும் எரியவில்லை என்றால் அந்த லைன் ஷார்ட். பல்பு குறுக்கே இருப்பதால் ஒரு ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. இரண்டும் மங்கலாக எரிந்தால் நல்லது. எதுவும் எரியாவிட்டால் லைன் விட்டிருக்கிறது.

பிறகு சோதனை பல்பை எடுத்துவிட்டு, ஃப்யூஸ் வழியாக மட்டும் கொடுத்து ஒவ்வொரு லைனிலும் சரியான விளக்கு, சரியான பக்கம் எரிகிறதா என்று பின்னால் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். 12 வோல்ட் பல்பு ஏதாவது கலந்திருந்தால் இப்போதே பளிச்சென்று எரிந்து போய்விடும்.

கடைசியாக, ஐந்து லைனுக்கும் அதனதன் ஃப்யூஸ் வழியாகச் சேர்த்துக் கரண்ட் கொடுத்து, டெயில் லைட்டின் கப்ளரில் பிரேக் பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் காட்டுவதைவிட ஒரு வோல்ட் அளவுக்குக் குறைந்தால் கணக்கோடு ஒத்துப்போகிறது. இரண்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. "மீட்டர்ல ஓம் ஜீரோ காட்டுதே அண்ணே" என்பது இங்கே பதிலாகாது. ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் ஜீரோதான் காட்டும். லோடு ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

## 10. லாரியில் மாட்டிய பிறகு, எல்இடி என்றால்

லாரியின் சாக்கெட்டிலும் ஒருமுறை மீட்டர் வைத்து, எந்த சுவிட்சுக்கு எந்த பின்னில் 24 வருகிறது என்று பார்த்த பிறகே சுருள் கேபிளை மாட்டுங்கள். பிளக்கின் பின்கள் நடுவே பிளந்திருக்கும். பழைய பிளக்கில் அந்தப் பிளவு நெருங்கிப்போய் ஆடும். சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக விரித்தால் பிடிப்பு திரும்பும்.

எல்இடி போட்டால் கரண்ட் வெகுவாகக் குறையும். முன் பாக்ஸில் 3 ஆம்பியர் ஃப்யூஸே போதும். ஒயர் சைஸை மட்டும் குறைக்காதீர்கள், அடுத்த முறை யாராவது பல்பு விளக்கையே மாட்டக்கூடும். இண்டிகேட்டர் வேகமாக அடித்தால், பல்பு போய்விட்டது என்று லாரியின் ஃப்ளாஷர் நினைக்கிறது. அதற்கு 27 ஓம் அளவு ரெசிஸ்டர் போடலாம், ஆனால் 20 வாட்டுக்கு மேல் சூடாகும். ஒயரோடு கட்டாமல் சேஸிஸ் இரும்பில் திருகுங்கள். எல்இடிக்கென்றே வரும் ஃப்ளாஷர் அந்த லாரிக்குக் கிடைத்தால் அதுவே மேல். ஆனால் அதை மாற்றினால் சரியாவது அந்த லாரி மட்டும்தான்.

முன் பாக்ஸின் மூடிக்கு உள்பக்கம் பின் எண், விளக்கு, ஃப்யூஸ் அளவு மூன்றையும் பெயிண்ட் மார்க்கரில் எழுதிவிட்டு மூடுங்கள்.